வெள்ளையாய்ப் போன பின்பக்கம்

கோபிக்கு அச்சில் ஒரு குறை இருந்தால் ஆகாது. கல்யாணப் பத்திரிகையில் ஒரு புள்ளி விட்டுப்போனால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில், ஒரு லாட்ஜின் மாடிப்படிக்குக் கீழே அவனுடைய ஜெராக்ஸ் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பழைய மிஷின், உட்கார ஒரு ஸ்டூல். அதை வைத்துக்கொண்டு ஊரில் உள்ள அன்னதான நோட்டீஸ் எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருப்பான். இப்படிப்பட்ட ஆள்தான் அந்தக் காரியத்தைச் செய்தான் என்றால், அவனைத் தெரிந்தவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள்.

அந்தச் சீட்டை எழுதிக்கொண்டு வந்தவள் ரேவதி சிஸ்டர். டவுனில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் வார்டு அவள் பொறுப்பு. தலைப்பிரசவக்காரிகளுக்கு டிஸ்சார்ஜ் அன்றைக்குச் சொன்னதையே சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை வற்றிப்போயிருந்தது. சொல்வதை அந்தப் பெண்கள் கேட்டால் பரவாயில்லை. புடவையை மடிப்பதும், ஆட்டோக்காரனிடம் பேரம் பேசுவதும், குழந்தைக்குக் குல்லா தேடுவதுமாக இருப்பார்கள். அதனால் எல்லாவற்றையும் எழுதி, வீட்டில் வைத்துப் படிக்கிற மாதிரி ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்துவிடலாம் என்று டாக்டரம்மாவிடம் சொல்லி, சம்மதம் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"ஒரே தாள்ல வரணும் கோபி. ரெண்டு தாள் குடுத்தா ஒண்ண தொலச்சிடுவாங்க. எழுத்து பெருசா இருக்கணும்."

"அப்ப ஃப்ரண்ட் அண்ட் பேக் போட்டுர்லாம் சிஸ்டர்."

முன்பக்கம் தாய்ப்பாலும் தொப்புள்கொடியும். தாய்ப்பால் தவிர வேறொன்றும் வேண்டாம், சர்க்கரைத் தண்ணி வேண்டாம், தேன் தொட்டு வைக்க வேண்டாம். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, தூங்கினால் எழுப்பியாவது கொடுக்க வேண்டும். தொப்புளில் சாம்பல், மஞ்சள், பவுடர், எண்ணெய் எதுவும் வைக்கக் கூடாது, காய்ந்து தானே விழும் வரை சுத்தமாக, ஈரம் இல்லாமல் விட்டுவிட வேண்டும். பின்பக்கம் மஞ்சள் காமாலையும், எப்போது உடனே திரும்பி வர வேண்டும் என்பதும். கோபி டைப் அடித்து, தலைப்புகளுக்குக் கட்டம் போட்டு, கீழே ஒரு தாயும் சேயும் படம் வைத்து, மூன்று தடவை படித்துப் பார்த்தான். அழகாகத்தான் வந்தது. அதில் யாரும் ஒரு சொல் குறை சொல்ல முடியாது.

அவனுடைய மிஷின் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் போடும். முன்பக்கம் முழுக்க ஓடி முடிந்ததும், அடுக்கைத் திருப்பித் திரும்ப உள்ளே வைத்து மறுபக்கம் ஓட்ட வேண்டும். முன்பக்கம் ஓடி முடிந்த நேரத்தில்தான் மாமியாரிடமிருந்து போன் வந்தது. அவன் மனைவி சிந்துஜாவுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. ஷட்டரை இழுத்துவிட்டு ஓடினான். அதே ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தார்கள். ஆண் குழந்தை. கோபி அன்றைக்குத் தரையில் நடக்கவில்லை. மறுநாள் சாக்லேட் டப்பாவோடு கடைக்கு வந்து, மிஷின் பக்கத்தில் தயாராக இருந்த அடுக்கைப் பார்த்து, 'அட, இதை முடிச்சிட்டமே' என்று நூல் கட்டி எடுத்துக்கொண்டு போய் ரேவதி சிஸ்டரிடம் கொடுத்துவிட்டான். மேலாக ஒரு தாளைப் பார்த்து, "சூப்பரா இருக்குது" என்று சொல்லி அவளும் அலமாரியில் வைத்துவிட்டாள். சாக்லேட்டை மட்டும் இரண்டாக எடுத்துக்கொண்டாள்.

சிந்துஜா வீட்டுக்குப் போன அன்றைக்கு வார்டில் ஒரே தள்ளுமுள்ளு. பௌர்ணமி நெருங்கிக்கொண்டிருந்தது. கிரிவலக் கூட்டம் வந்து ரோட்டை அடைப்பதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். ரேவதி சிஸ்டர் பிரசவ அறையில் மாட்டிக்கொண்டாள். டியூட்டியில் இருந்த இன்னொரு பெண் ஆளுக்கொரு சீட்டைக் கையில் கொடுத்து, "எல்லாம் இதுல இருக்குது, படிச்சி அது மாதிரி பாத்துக்கோங்க" என்று அனுப்பிவைத்தாள். கோபி தன் மனைவியிடம் அதைக் கொடுக்கும்போது, "நம்ம கடைல போட்டது" என்று மீசையைத் தடவிக்கொண்டான். அவனும் திருப்பிப் பார்க்கவில்லை. தன் கைவேலையை யாராவது சந்தேகப்படுவார்களா?

சிந்துஜா அடி அண்ணாமலையில் தாய் வீட்டுக்குப் போனாள். கிரிவலப் பாதையை ஒட்டிய வீடு அது. அவள் தாய் பாஞ்சாலை பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாசலில் மோர்க் கடை போடுவாள். சிந்துஜா அந்தச் சீட்டைச் சுவரில் ஒட்டி, அதை வைத்தே தன் தாயோடு மல்லுக்கு நின்றாள். சர்க்கரைத் தண்ணி கரைத்துக்கொண்டு வந்தால் சீட்டைக் காட்டினாள். தொப்புளுக்கு வசம்பு சுட்டுக்கொண்டு வந்தால் அதற்கும் சீட்டைக் காட்டினாள்.

"உன் ஊட்டுக்காரு அடிச்ச காகிதம் பெருசு, உன்ன பெத்த நான் சிறுசு" என்று பாஞ்சாலை முணுமுணுத்துக்கொண்டே வசம்பைத் தூரப் போட்டாள்.

பௌர்ணமி அன்றைக்கு மதியம் கோபி கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். ஊரே மலையைச் சுற்றப் போயிருந்தது. அவன் போனில் மகனுடைய படங்களை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது சிந்துஜாவே கூப்பிட்டாள். கூட்டத்தில் டவர் திணறி, குரல் விட்டு விட்டு வந்தது.

"என்னங்க, உங்க புள்ள ரொம்ப சமத்து. அழவே மாட்டறான். நேத்துலேருந்து தூங்கிக்கினே இருக்கான். பேப்பர்ல போட்டா மாதிரி எழுப்பி எழுப்பிதான் குடுக்கறேன். ரெண்டு வாய் சப்பிட்டு மறுபடி தூங்கிடறான்."

"தூங்கட்டும் சிந்து. என்ன மாதிரி."

"துணிகூட அவ்ளோவா நனைக்கல, கம்மியாதான் போறான். ஒடம்பு கொஞ்சம் மஞ்சளா தெரியுது. அம்மா எந்நேரமும் கை நிறைய மஞ்சள் வச்சிக்கினு தூக்குது இல்ல, அதான் ஒட்டிக்குது போல. அம்மாகூட காலைல என்னாடி இது நெறம்னு கேட்டுச்சி. நான் உங்க பேப்பர்ல தேடிப் பாத்தேன். அதப் பத்தி ஒண்ணுமே போடல. அப்ப பயப்பட ஒண்ணும் இல்லனு விட்டுட்டேன்."

கோபிக்கு ஒன்றும் உறைக்கவில்லை. டைப் அடித்தவன் பெருமை மட்டும்தான் முந்திக்கொண்டு வந்தது.

"போட்டிருக்கேனே சிந்து. பெரிய கட்டம் கட்டி போட்டிருக்கேன். திருப்பிப் பாரு."

சுவரிலிருந்து தாளைப் பிரிக்கிற சத்தம் கேட்டது.

"பின்னாடி ஒண்ணும் இல்லங்க. வெள்ளையா இருக்குது."

"சரியா பாரு."

"வெள்ளைத் தாளுங்க. ஒரு எழுத்து இல்ல."

ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தது போக மிச்சம் கொஞ்சம் அலமாரியில் வைத்திருந்தான். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அதை எடுத்துத் திருப்பினான். வெள்ளை. அடுத்ததைத் திருப்பினான். அதுவும் வெள்ளை. அடுக்கு முழுவதையும் விசிறிப் பார்த்தான். கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்தான். தானே அடித்து, தானே மூன்று தடவை படித்து, கமா போட்டுத் திருத்திய வரிகள். அப்போது படித்ததெல்லாம் எழுத்தைத்தான், சொன்ன விஷயத்தை இல்லை என்று இப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

'மஞ்சள் நிறம் பல குழந்தைகளுக்கு வரும். பகல் வெளிச்சத்தில் தோலை விரலால் அழுத்தி எடுத்துப் பார்க்கவும். பிறந்த முதல் நாளே வந்தாலும், கை, கால், உள்ளங்கை, உள்ளங்கால் வரை இறங்கினாலும் உடனே வரவும். பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே வரவும். வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று காத்திருக்கக் கூடாது.'

"சிந்து, ஒரு ஈரத்துணி எடு. குழந்தைய வாசலுக்குத் தூக்கிட்டு வா, பகல் வெளிச்சத்துல பாக்கணும். உள்ளங்காலைத் தொடச்சிட்டு, வெரலால லேசா அழுத்தி எடுத்துப் பாரு."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. அவன் குரலே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. வாசலில் கூட்டத்தின் இரைச்சலும் மோருக்குக் கூப்பிடுகிற பாஞ்சாலையின் குரலும் கேட்டன. பிறகு சிந்துஜாவின் மூச்சு மட்டும் கேட்டது.

"தொடச்சாலும் போகலைங்க. அழுத்தி எடுத்தா அந்த எடம் மஞ்சளாதான் இருக்குது. என்னங்க இது? காலு முழுக்க..."

"நூத்தியெட்டு வண்டி பாதைல எங்கயாவது நிக்கும். அத்தய கூட்டிக்கினு அங்க போ. உடனே. வழில பால் குடுத்துக்கினே போ..."

லைன் அறுந்தது. திரும்பப் போட்டான். போகவில்லை. திரும்பத் திரும்பப் போட்டான். கடைசி வார்த்தை அவள் காதில் விழுந்ததா, முதல் வார்த்தையாவது விழுந்ததா என்று தெரியவில்லை.

பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தான். ஈசான்ய லிங்கத்துக்கு முன்னாலேயே போலீஸ் மறித்துவிட்டது. பௌர்ணமிக்குப் பாதையில் வண்டி விட மாட்டார்கள் என்பது ஊரில் பிறந்த அவனுக்குத் தெரியாததா? தெரிந்துதான் போனான், வேறு என்ன செய்வான். பைக்கை ஒரு மரத்தடியில் சாய்த்துவிட்டு, கூட்டம் வருகிற திசைக்கு எதிராக நடக்க ஆரம்பித்தான். மலையை வலம்தான் வருவார்கள். எதிர்ப்பக்கமாக யாரும் போவதில்லை. அடி அண்ணாமலைக்கு அதுதான் கிட்டக்க.

"இன்னாயா, எதிர்ல வர்ற?" என்று ஒருவர் கத்தினார். விபூதி பூசிய ஒரு அம்மா அவன் கையைப் பிடித்து, "தம்பி, இப்படிப் போகக்கூடாது" என்று அன்பாகவே சொன்னாள். அவன் கையை உருவிக்கொண்டு ஓடினான். தோள் இடித்தது, கால் மிதிபட்டது, ஒரு செருப்பு எங்கோ போயிற்று. வழியெல்லாம் அவன் மனசு ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் தேடிப் பார்த்திருக்கிறாள். சந்தேகம் வந்து, சுவரில் ஒட்டியதைத் தேடிப் பார்த்து, அதில் இல்லை என்பதால் நிம்மதியாக இருந்திருக்கிறாள். அந்தச் சீட்டே இல்லாமல் இருந்திருந்தால் காலையிலேயே தாய் சொன்னதைக் கேட்டுத் தூக்கிக்கொண்டு வந்திருப்பாள். இதை நினைத்தபோது அவனுக்குத் தன்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை.

வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. மோர்ப் பானைக்குப் பக்கத்தில் அடுத்த வீட்டு எல்லம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"ஆம்புலன்சுல பூட்டாங்கப்பா. அந்தப் பொண்ணு கொழந்தய மாருல அணைச்சிக்கினு ஓடுச்சி பாரு, பச்ச ஒடம்புக்காரி, எனக்கே பதறிப்போச்சி. பாஞ்சால கடைய அப்படியே என் கைல குடுத்துட்டு பின்னாலயே ஓடுனா. பெரியாஸ்பத்திரிக்குதான் போயிருப்பாங்க. நீ மொதல்ல ஒரு வாய் மோர் குடி."

அவன் குடிக்கவில்லை. இந்த முறை கூட்டத்தோடு ஓடினான்.

அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு வாசலில் பாஞ்சாலை தரையில் உட்கார்ந்திருந்தாள். மருமகனைப் பார்த்ததும் எழுந்து முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். "உள்ள நீல வெளக்குல வச்சிருக்காங்க மாப்ள. கண்ணுக்குத் துணி கட்டி, ஒடம்புல துணி இல்லாம... பாக்க முடியல" என்றாள். உள்ளங்கை மஞ்சளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என் கை மஞ்சள்தான்னு அவளும் சொன்னா, நானும் சரினு இருந்துட்டேன்."

கோபியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

டாக்டர் சின்ன வயசுக்காரர். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டோம், மஞ்சள் ஜாஸ்திதான், ஆனால் ரத்தம் மாற்ற வேண்டிய அளவுக்குப் போகவில்லை என்றார். பால் சரியாகக் குடிக்காததால் எடையும் இறங்கியிருக்கிறது, விளக்கில் வைத்து, இடையில் எடுத்து எடுத்துப் பால் கொடுத்தால் இறங்கிவிடும் என்றார். அப்புறம் ஃபைலை மூடிவிட்டு, "நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டிருந்தீங்கனா மூளைய பாதிச்சிருக்கலாம். எப்படி கவனிச்சீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கோபிக்கு யோக்கியதை இல்லை.

சிந்துஜா பால் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். நடந்ததை அவனே சொன்னான். அன்றைக்கு வலி வந்த போன், ஷட்டர், மறுநாள் சாக்லேட், திருப்பிப் பார்க்காதது எல்லாவற்றையும் சொன்னான். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்கூட டிஸ்சார்ஜ் ஆனவங்களுக்கும் அதேதான குடுத்தாங்க?" என்றாள்.

ஓடி வந்த ஓட்டத்தில் அதுவரை அவனுக்கு உலகத்தில் ஒரு குழந்தைதான் இருந்தது.

ரேவதி சிஸ்டருக்குப் போன் போடும்போது, மிஷின் கோளாறு என்று சொல்லிவிடலாமா என்று ஒரு எண்ணம் வந்தது. மிஷின் வாய் திறந்து மறுக்கப்போவதில்லை. ஆனால் சிந்துஜா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், அந்தச் சீட்டுல பின்பக்கம் நான் போடவே இல்ல. மறந்துட்டேன். என் பையன் மஞ்சளோட இங்க அட்மிட் ஆயிட்டான். மத்தவங்க யார் யாருக்குக் குடுத்தீங்க?"

அப்புறம் வந்தது பாருங்கள், பத்து வருஷம் வார்டில் அடக்கி வைத்திருந்த கோபமெல்லாம் ஒன்றாக வந்தது. "அச்சடிக்கறவன் திருப்பிப் பாக்க மாட்டியா? நான் பாக்க மாட்டேனா? எனக்கு என்ன கேடு? மேல ஒரு தாள எடுத்து அழகா இருக்குதுனு சொன்னேனே!" திட்டு பாதி அவனுக்கு, பாதி அவளுக்கே. கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இரு, டிஸ்சார்ஜ் நோட்டுல நம்பர் இருக்குது. ஒவ்வொருத்தரா போடறேன். நீயும் பாதி போடு" என்றாள்.

இருட்டுவதற்குள் எல்லோரையும் பிடித்துவிட்டார்கள். சிலர் பதறினார்கள், சிலர் சண்டைக்கு வந்தார்கள், ஒருவர் 'எங்க கொழந்த தங்க நெறம்' என்று பெருமையாகச் சொல்லப்போக, ரேவதி சிஸ்டர் போட்ட சத்தத்தில் அப்போதே ஆட்டோ பிடித்துக் கூட்டி வந்தார்கள். ஒரே ஒரு நம்பர் மட்டும் ஸ்விட்ச் ஆஃப் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஆர்த்தி, செங்கம் பக்கத்தில் ஒரு கிராமம். கோபி இரவெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அந்த நம்பரைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

விடிந்ததும் சிந்துஜா வெளியே வந்தாள். முகம் வீங்கியிருந்தது. "இப்ப நல்லா குடிக்கறான். மறுபடி ரத்தம் எடுத்திருக்காங்க, ரிசல்ட் வரணும்" என்றாள். பிறகு, "அந்தப் பொண்ணு கெடச்சிதா?" என்றாள்.

"இல்ல."

"போய்ட்டு வாங்க."

"ரிசல்ட் வரட்டும், சிந்து."

"அது வர்ற நேரத்துக்கு வரும். நீங்க இங்க ஒக்காந்தா சீக்கிரம் வந்துடுமா? எனக்காச்சும் நீங்க படிச்சிப் பாத்து போன்ல சொன்னீங்க. அவளுக்கு யாரு இருக்கா?"

பைக்கில் போகிற வழியெல்லாம் கோபியின் ஒரு காது சட்டைப்பை போனிலேயே இருந்தது. அது அடிக்கவில்லை. ஊருக்குள் போய் விசாரித்தான். டேங்குக்குப் பக்கத்து வீடு என்றார்கள். ஆர்த்தி சின்னப் பெண். சிந்துஜாவை விட ஒரு சுற்று இளைத்தவள். கணவன் பெங்களூரில் வேலை செய்கிறான், போன் கீழே விழுந்து உடைந்துவிட்டது என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறான் என்றதும் பாய் எடுத்துப் போட்டாள். அவள் மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, நீங்க குடுத்த பேப்பர்ல இருக்கறா மாதிரியேதான் பாத்துக்கறேன். ஒண்ணும் தப்பா பண்ணல. எங்க அத்ததான் நெறம் சரியில்லனு ரெண்டு நாளா சொல்லிக்கினே இருந்தாங்க. பேப்பர்ல அப்படி ஒண்ணும் இல்லையேனு நான்தான் அவங்க கூட சண்ட போட்டேன்."

கோபி குழந்தையை வாசலுக்குக் கொண்டு வரச் சொன்னான். வெயில் நன்றாக ஏறியிருந்தது. அந்தச் சின்ன உள்ளங்காலை விரலால் அழுத்தி எடுத்தான். எடுத்த இடம் மஞ்சளாக இருந்தது.

"அம்மா பேச்சுதான் சரி" என்றான் மாமியாரைப் பார்த்து. "பேப்பர் தப்பு. அத அச்சடிச்சது நான். மறுபக்கம் போடாம விட்டுட்டேன். இப்பவே கெளம்பணும், கொழந்தய எழுப்பிப் பால் குடுத்துக்கினே வாங்க. ரோட்டுல ஆட்டோ நிக்குது, கூப்புடறேன்."

மாமியார் அவனை மேலும் கீழும் பார்த்தாள். கன்னத்தில் அறைவாளோ என்று தோன்றியது. அறைந்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றான். அவள் உள்ளே போய் குழந்தைக்குச் சுற்றத் துணி எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஆர்த்தி ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டு, பைக்கில் கூடவே வரத் தயாராக நின்றவனைப் பார்த்தாள்.

"எப்படிண்ணா தெரிஞ்சிது, தப்பா போட்டுட்டீங்கனு?"

"எங்க வீட்டுக் கொழந்தைக்கும் அதே பேப்பர்தாம்மா."

அவள் கண் விரிந்தது. "ஐயோ. இப்ப எப்படி இருக்குது?"

அப்போதுதான் போன் அடித்தது. எடுக்க அவனுக்குப் பயமாக இருந்தது. எடுத்தான். சிந்துஜா அழுதுகொண்டே பேசியதால் முதலில் ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் தடவை சொன்னாள். மஞ்சள் இறங்கிவிட்டதாம், நன்றாகவே இறங்கிவிட்டதாம், இன்னும் கொஞ்ச நேரம் விளக்கில் வைத்தால் போதுமாம்.

பதிலுக்காக ஆர்த்தி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபி சொல்ல வாயைத் திறந்தான், சொல் வரவில்லை. அழுகைதான் வந்தது, நடுரோட்டில், வெட்கமில்லாமல். அவள் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டு முகம் வெளுத்துப்போவதைப் பார்த்ததும், இரண்டு கையையும் வேகமாக ஆட்டி, "இல்லம்மா, இல்ல, அவன் பொழச்சிக்கிட்டான், உன்னுதும் பொழச்சிக்கும், நீ பால் குடு, பால் குடு" என்று சொல்லிவிட்டு, ஆட்டோவுக்கு முன்னால் பைக்கை விட்டான்.